யூடியூபில் காணொளியையோ சேனலையோ நீக்கிய பிறகு கருத்துகளும் இணைப்புகளும் என்ன ஆகின்றன: அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

யூடியூபில் ஏற்றப்படும் ஒவ்வொரு காணொளிக்கும் 11 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளக் குறி வழங்கப்படுகிறது. முகவரியில் `watch?v=` என்பதற்குப் பின்னும், சுருக்க முகவரியில் `youtu.be/` என்பதற்குப் பின்னும் வருவது அதுதான். பார்வை எண்ணிக்கை, விருப்பக் குறிகள், கீழே பார்வையாளர்கள் எழுதிய கருத்துகள், வெளியே பகிரப்பட்ட இணைப்புகள், பிறர் தங்கள் தளங்களில் பதித்து வைத்த காட்சிப் பெட்டிகள் ஆகிய அனைத்தும் அந்தக் குறியோடுதான் கட்டப்பட்டுள்ளன; காணொளியின் தலைப்போடும் அல்ல, கோப்போடும் அல்ல. எனவே காணொளியை நீக்கிவிட்டு அதே கோப்பை அதே தலைப்பில் மறுபடி ஏற்றினாலும் புதிய குறி ஒன்றே கிடைக்கும். பழைய குறியைக் கேட்டு வாங்கவோ, பழைய முகவரியைப் புதிய காணொளிக்குத் திருப்பிவிடவோ யூடியூபில் வழி கிடையாது. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்தே கிளைக்கின்றன.

முதலில்: காணொளி உண்மையிலேயே நீக்கப்பட்டிருக்கிறதா?

“லிங்க் வேலை செய்யவில்லை” என்று ஒருவர் சொன்னவுடன் காணொளி அழிந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. உங்கள் கணக்கில் உள்நுழைந்திருக்கும் உலாவியில் சோதிப்பதும் பயன் தராது. காணொளி ‘பிரைவேட்’ நிலையில் இருந்தால் அதன் உரிமையாளரான உங்களுக்கு அது தடையின்றி ஓடும், மற்றவர்களுக்கு ஓடாது. ஆகவே இன்காக்னிட்டோ சாளரம் ஒன்றைத் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் அந்த இணைப்பை ஒட்டி, திரையில் வரும் வாசகத்தைப் படிக்க வேண்டும்.

“This video is private” என்று வந்தால் காணொளி பத்திரமாக இருக்கிறது என்றும், அதன் நிலை மட்டுமே மாற்றப்பட்டிருக்கிறது என்றும் பொருள். இங்கே பலரைக் குழப்பும் ஒரு பழைய நிகழ்வையும் சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 1-க்கு முன் ஏற்றப்பட்டு, தேடலில் தோன்றாமல் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கக்கூடிய ‘அன்லிஸ்டட்’ நிலையில் இருந்த காணொளிகளை யூடியூப் 2021 ஜூலையில் தானாகவே ‘பிரைவேட்’ ஆக்கியது. விலகிக்கொள்வதாகத் தெரிவித்த சேனல்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. பத்தாண்டுக்கு முன் உறவினர்களுக்கு அனுப்பிய திருமணக் காணொளியின் இணைப்பு திடீரென்று இறந்துபோனதாகச் சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நிலையை மாற்றினால் பழைய இணைப்பு அப்படியே உயிர்பெறும்.

“This video has been removed by the uploader” என்று வந்தால் அந்தக் காணொளி மட்டும் நீக்கப்பட்டது. “This video is no longer available because the uploader has closed their YouTube account” என்று வந்தால் சேனல் முழுவதையும் அதன் உரிமையாளர் மூடியிருக்கிறார். இதே வாசகம் “has been terminated” என்று முடிந்தால் சேனலை முடக்கியது யூடியூப் நிறுவனம். அதற்கு மேல்முறையீடு உண்டு, ஆனால் அது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்பது. நேரடி இணைப்பு நன்றாக ஓடி, ஓர் இணையதளத்தில் பதித்த பெட்டி மட்டும் ஓடவில்லை என்றால் அங்கே நீக்கம் எதுவும் நடக்கவில்லை. பிற தளங்களில் பதிக்க அனுமதிக்கும் “Allow embedding” என்ற தேர்வு அணைக்கப்பட்டிருக்கக்கூடும்.

அறிகுறி: நீக்கி மறுபடி ஏற்றினேன், பழைய கருத்துகள் வரவில்லை

வராது. காணொளிகளை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டூடியோ பக்கத்தில் “Delete forever” என்பதை அழுத்தும்போது, இது நிரந்தரமானது என்பதை உணர்ந்திருப்பதாக ஒரு பெட்டியில் குறியிட்டே மேலே செல்கிறோம். கைப்பேசியில் நீக்கிய படங்கள் சில நாள் தங்கும் குப்பைத்தொட்டி போன்ற இடைநிலை யூடியூபில் இல்லை. காணொளியோடு அதன் கீழிருந்த கருத்துகளும், அவற்றுக்கு எழுதப்பட்ட பதில்களும், நேரலையாக இருந்திருந்தால் அதன் அரட்டைப் பதிவும் போய்விடும். கருத்து எழுதியவர்களும் தங்கள் கருத்து வரலாற்றில் அவற்றைக் காண முடியாது, ஏனெனில் நீக்கப்பட்ட காணொளிகளில் எழுதியவை அந்த வரலாற்றில் காட்டப்படுவதில்லை. தரவை நகலெடுத்துத் தரும் கூகுள் டேக்அவுட் சேவை வழியாக உங்கள் சேனலின் தரவை இறக்கினாலும், அதில் கிடைப்பவை நீங்கள் எழுதிய கருத்துகளே. உங்கள் காணொளியின் கீழே மற்றவர்கள் எழுதியவை அல்ல. இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமிக்கும் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தின் நகல் இருந்தாலும், கருத்துகள் பக்கத்தோடு சேர்ந்து வராமல் தனியாக ஏற்றப்படுவதால் பெரும்பாலும் அதில் பதிவாகியிருக்காது.

ஆகவே உண்மையான பிழை நீக்கம் என்பது நீக்கும் பொத்தானுக்கு முன்னால்தான் நடக்க முடியும். ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம்.

கணித ஆசிரியர் ஒருவர் பத்தாம் வகுப்புக்கான 40 நிமிடப் பாடம் ஒன்றை ஏற்றியிருக்கிறார் என்று கொள்வோம். x² − 5x + 6 = 0 என்ற சமன்பாட்டின் மூலங்கள் 2, 3 என்று வர வேண்டும். அவர் 14:20-இல் காரணிகளைச் சரியாகப் பிரித்துவிட்டு, விடையை மட்டும் −2, −3 என்று எழுதிவிட்டார்; 14:50-இல் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். மாணவர்கள் கீழே தவற்றைச் சுட்டியிருக்கிறார்கள், வேறு ஐயங்களையும் கேட்டுப் பதில் பெற்றிருக்கிறார்கள். இணைப்பு வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களிலும் பள்ளியின் இணையதளத்திலும் இருக்கிறது. திருத்திய பாடத்தை ஏற்றுவதற்காக அவர் பழையதை நீக்க நினைக்கிறார். நீக்கினால் அரை நிமிடப் பிழைக்காகக் கருத்துகள் அனைத்தையும், எல்லா இணைப்புகளையும் இழப்பார்.

அவர் செய்ய வேண்டியது இது. ஸ்டூடியோவில் “Content” பட்டியலுக்குச் சென்று அந்தக் காணொளியைத் திறந்து, இடப்பக்கத்தில் உள்ள “Editor” என்பதைத் தேர்ந்து, “Trim & cut” பகுதியில் “New cut” கொடுத்து, 14:20 முதல் 14:50 வரை குறித்து, வெட்டை உறுதி செய்து சேமிக்க வேண்டும். குறி மாறாது, பார்வைகளும் கருத்துகளும் இணைப்புகளும் அப்படியே இருக்கும். மாற்றம் செயலாக்கப்பட்டு முடியும்வரை பார்வையாளர்களுக்குப் பழைய வடிவமே தெரியும். இதற்குச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால், சேமித்தவுடன் போய்ப் பார்த்துவிட்டு “வெட்டு விழவில்லை” என்று மறுபடி வெட்டத் தொடங்கக் கூடாது. சரியான விடையைக் கருத்துப் பகுதியின் உச்சியில் நிலையாக நிற்கும்படி ‘பின்’ செய்த கருத்தாக எழுதிவிடலாம். புதிய காட்சியைப் பழைய காணொளிக்குள் செருக இந்தக் கருவியால் முடியாது, வெட்டத்தான் முடியும்.

இதில் பலர் கவனிக்காத பக்கவிளைவு ஒன்று உண்டு. 30 விநாடிகளை வெட்டியதும் அதற்குப் பின்னுள்ள எல்லா நேரக்குறிகளும் 30 விநாடி முன்னால் நகர்ந்துவிடும். “18:05-இல் ஏன் வர்க்கம் எடுத்தீர்கள்?” என்று ஒரு மாணவர் எழுதியிருந்தால், அந்தக் குறியைத் தொடுபவர் இனி வேறோர் இடத்தில் போய் இறங்குவார், ஏனெனில் அந்த இடம் இப்போது 17:35-இல் இருக்கிறது. பிறர் கருத்துகளை நாம் திருத்த முடியாது. விளக்கக் குறிப்பில் நாம் எழுதிய அத்தியாய நேரங்களைக் கையால் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். `&t=` என்று நேரம் சேர்த்துப் பகிரப்பட்ட இணைப்புகளுக்கும் இந்த வழுக்கல் பொருந்தும்.

வெட்டுக் கருவிக்கு எல்லைகளும் உண்டு. 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட காணொளிகளில் அது வேலை செய்யாது. ஒரு லட்சம் பார்வைகளைக் கடந்த காணொளியில், வருவாய்ப் பங்காளர் திட்டத்தில் இல்லாத சேனல்கள் முகத்தை மங்கலாக்குவது போன்ற மாற்றத்தைத் தவிர வேறு மாற்றத்தைச் சேமிக்க முடியாமல் போகலாம். அந்நிலையில் பழையதை ‘அன்லிஸ்டட்’ ஆக்கிவிட்டு, திருத்திய காணொளியைத் தனியாக ஏற்றி, பழையதன் விளக்கத்தின் முதல் வரியிலும் ‘பின்’ செய்த கருத்திலும் புதியதன் முகவரியைத் தருவதே என் பார்வையில் சிறந்த வழி. ‘அன்லிஸ்டட்’ காணொளி தேடலிலும் சேனல் பக்கத்திலும் தோன்றாது. ஆனால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்பு ஓடும், பதித்த பெட்டியும் ஓடும், கருத்துகளும் தெரியும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து வரும் மாணவர் இறந்த பக்கத்தில் முட்டாமல், புதியதற்கு வழி காட்டும் பலகையைக் காண்பார்.

உண்மையிலேயே நீக்கியாக வேண்டிய நிலையும் வரலாம்: அனுமதியின்றி ஒரு குழந்தையின் முகம் பதிவாகியிருக்கலாம், முகவரி ஒன்று வெளியாகியிருக்கலாம். அப்போது உடனே ‘பிரைவேட்’ ஆக்கி வெளிப்பார்வையை நிறுத்திவிட்டு, நீக்குவதைப் பற்றி நிதானமாக முடிவு செய்யலாம். பிரைவேட்டில் இருக்கும்போது கருத்துகள் வெளியில் தெரியாது, ஆனால் அழிவதில்லை. மறுபடி பொதுவாக்கினால் திரும்பும். அவசரம் இல்லையென்றால், பிரைவேட் ஆக்குவதற்கு முன்பே கருத்துகளை நகலெடுத்துக்கொள்வது நல்லது. கருத்துகள் கொஞ்சமாக இருந்தால் எல்லாவற்றையும் விரித்துப் பக்கத்தை பி.டி.எஃப். ஆகச் சேமித்தாலே போதும். நிறைய இருந்தால், நிரல் வழியே யூடியூப் தரவைக் கேட்டுப் பெற உதவும் யூடியூப் டேட்டா ஏ.பி.ஐ. வழியாக எடுக்கலாம். கூகுள் கிளவுடில் திறவுகோல் ஒன்றைப் பெற்ற பின், `VIDEO_ID` என்ற இடத்தில் காணொளியின் குறியையும் `API_KEY` என்ற இடத்தில் அந்தத் திறவுகோலையும் இட்டுக் கேட்க வேண்டிய முகவரி இது:

```
https://www.googleapis.com/youtube/v3/commentThreads?part=snippet,replies&videoId=VIDEO_ID&maxResults=100&key=API_KEY
```

ஒரு முறைக்கு அதிகபட்சம் 100 கருத்துகள் வரும். விடையில் `nextPageToken` இருந்தால் அதை `pageToken` ஆகச் சேர்த்து அடுத்த தொகுதியைக் கேட்க வேண்டும். ஒரு கருத்தின் கீழே நீண்ட உரையாடல் இருந்தால் இந்த அழைப்பில் எல்லாப் பதில்களும் வந்துவிடாது. விடுபட்டவற்றை `comments` என்ற தனி அழைப்பில், அந்தக் கருத்தின் குறியை `parentId` ஆகத் தந்து பெற வேண்டும். இந்த நகல் உங்கள் ஆவணமாக இருக்குமே தவிர, புதிய காணொளியின் கீழே பழைய கருத்துகளாக அதை ஏற்ற முடியாது.

அறிகுறி: நீக்கிவிட்டேன், ஆனால் வாட்ஸ்அப்பிலும் கூகுளிலும் இன்னும் தெரிகிறது

காணொளி தெரியவில்லை, அதன் நிழல்தான் தெரிகிறது. வாட்ஸ்அப்பில் இணைப்பை ஒட்டும்போது அனுப்புபவரின் கைப்பேசியே தலைப்பையும் சிறு படத்தையும் எடுத்துச் செய்தியோடு சேர்த்து அனுப்பிவிடுகிறது. எனவே காணொளி அழிந்த பின்னும் அந்த முன்னோட்டம் பெறுநர்களின் கைப்பேசியில் அப்படியே கிடக்கும். தொட்டால்தான் காணொளி இல்லை என்பது தெரியும். அதை நீங்கள் யூடியூபிலிருந்து அழிக்க முடியாது. தலைப்பிலோ தம்ப்நெயிலிலோதான் சிக்கல் என்றால், செய்தியை அனுப்பியவர் அதை அனைவருக்குமாக நீக்க வேண்டும். வாட்ஸ்அப் அதற்கு விட்டிருக்கும் கால அளவு இரண்டு நாளுக்குச் சற்று மேல் மட்டுமே.

பேஸ்புக் தன் சேவையகத்தில் முன்னோட்டத்தைச் சேமித்து வைக்கிறது. அதன் “Sharing Debugger” பக்கத்தில் அந்த முகவரியை இட்டு மறுபடி படிக்கச் சொன்னால் முன்னோட்டம் புதுப்பிக்கப்படும். கூகுள் தேடலில் தெரிவது காலப்போக்கில் தானே விலகும். விரைவு வேண்டுமென்றால் கூகுளின் “Refresh Outdated Content” கருவியில் அந்த முகவரியைக் கொடுக்கலாம்; இதற்கு அந்தப் பக்கம் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

காணொளியை யாரேனும் இறக்கித் தங்கள் சேனலில் ஏற்றியிருந்தால், அது வேறு குறி கொண்ட வேறு காணொளி. மூலத்தை நீக்குவது அதைத் தொடாது. அதற்குத் தனியாகப் பதிப்புரிமை அல்லது தனியுரிமைப் புகார் தர வேண்டும்.

அறிகுறி: பழைய இணைப்பிலிருந்து வருபவர்களைப் புதிய காணொளிக்குக் கொண்டுவர முடியவில்லை

யூடியூபுக்குள் இதற்கு வழியில்லை என்று மேலே சொன்னோம். உங்கள் கைக்கு எட்டும் இடங்களை மட்டும் திருத்தலாம்: உங்கள் தளத்தில் பதித்த நிரலில் உள்ள 11 எழுத்துகள், உங்கள் மற்ற காணொளிகளின் விளக்கங்கள், நீங்கள் திருத்தக்கூடிய சமூக ஊடகப் பதிவுகள். விளக்கங்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதில்லை; ஸ்டூடியோவில் பல காணொளிகளை ஒருசேரத் தேர்ந்து விளக்கத்தில் உள்ள ஒரு சொற்கோவையைத் தேடி மாற்ற முடியும்.

அச்சிட்ட கியூ.ஆர். குறியில் யூடியூப் முகவரியே நேரடியாகப் பொதிந்திருந்தால் அதன் மேல் புதியதை ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அழைப்பிதழ், நூல், கையேடு என்று அச்சுக்குப் போகும் எதிலும் யூடியூப் முகவரியைத் தராமல், உங்கள் தளத்தின் ஒரு பக்கத்தைத் தந்து, அங்கிருந்து காணொளிக்குத் திருப்பிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். பின்னர் காணொளி மாறினால் திருப்பத்தை மட்டும் மாற்றினால் போதும்.

பிறர் தொகுத்த பிளேலிஸ்டில் உங்கள் காணொளி இருந்த இடம் “Deleted video” என்று பெயர் மாறி, பொதுவாகப் பார்வையில் படாமல் மறைக்கப்பட்டிருக்கும். அங்கே புதியதைச் சேர்ப்பது அந்தத் தொகுப்பின் உரிமையாளர் கையில் இருக்கிறது. காணொளியிலிருந்து பார்வையாளர்கள் வெட்டிப் பகிர்ந்த ‘கிளிப்’ இணைப்புகளும் மூலத்தோடு சேர்ந்து செயலிழக்கும்.

அறிகுறி: காணொளி இருக்கிறது, கருத்துகளை மட்டும் காணவில்லை

மொத்தமாகக் காணவில்லை என்றால் கருத்துப் பகுதி அணைக்கப்பட்டிருக்கும், அல்லது காணொளி ‘குழந்தைகளுக்கானது’ என்று குறிக்கப்பட்டிருக்கும். அமைப்பைத் திருத்தினால் சரியாகும்.

ஒருவருடைய கருத்துகள் மட்டும், அவற்றுக்கு நீங்கள் எழுதிய நீண்ட பதில்களோடு சேர்ந்து காணாமல் போயிருந்தால், பெரும்பாலும் அவர் தன் சேனலை நீக்கியிருப்பார். கருத்து எழுதும் எவருக்கும், ஒரு காணொளிகூட ஏற்றாதவராக இருந்தாலும், ஒரு சேனல் இருக்கிறது. அதை நீக்கும்போது பிறர் காணொளிகளின் கீழே அவர் எழுதியவையும் நீங்கும். தலைக் கருத்து நீங்கும்போது அதற்குக் கீழிருந்த பதில்களும் உடன் செல்லும். முகவரியில் `&lc=` சேர்த்து ஒரு கருத்தைச் சுட்டிப் பகிர்ந்திருந்தால், அந்த இணைப்பு காணொளியைத் திறக்கும். ஆனால் உச்சியில் அந்தக் கருத்து தனித்துக் காட்டப்படாது. ஒருவர் கேட்ட கேள்விக்கு எல்லாருக்கும் பயன்படும் விடை எழுத நேர்ந்தால், அதைப் பதிலாக மட்டும் விடாமல் விளக்கக் குறிப்பிலோ தனிக் கருத்தாகவோ எழுதி வைப்பது இதனால்தான் தேவைப்படுகிறது.

அறிகுறி: சேனலையே மூட வேண்டும், எதை எதை இழப்பேன்?

சேனலை நீக்குவது கூகுள் கணக்கை நீக்குவதாகாது. உங்கள் ஜிமெயிலும் டிரைவும் தொடப்படாமல் இருக்கும். ஆனால் காணொளிகள், பிளேலிஸ்டுகள், அவற்றின் கீழே வந்த கருத்துகள், நீங்கள் யூடியூப் முழுவதும் எழுதிய கருத்துகள் ஆகியவை நிரந்தரமாகப் போகும். காணொளி இணைப்புகளோடு சேனலின் முகவரியும், `UC` என்று தொடங்கும் 24 எழுத்துக் குறியும் இறந்துபோகும். அதே பெயரில் பின்னர் புதிய சேனல் தொடங்கினாலும் அதன் குறி வேறாகவே இருக்கும். பழைய சந்தாதாரர்களும் வரமாட்டார்கள்.

காணொளிகளை மறைப்பதே நோக்கமென்றால், “Content” பட்டியலில் எல்லாவற்றையும் தேர்ந்து நிலையை ‘பிரைவேட்’ என்று ஒரே முறையில் மாற்றிவிடலாம். பிற சேனல்களில் நீங்கள் எழுதியவை அப்படியே இருக்கும், காணொளிகளைப் பின்னர் பொதுவாக்கும்போது பழைய இணைப்புகளும் ஓடும். சேனலை மறைக்கும் தேர்வும் நீக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் உறுதிப்படுத்தும் திரையில் எவை மறையும், எவை அழியும் என்பதைப் படித்த பின்னரே அழுத்த வேண்டும். பதிப்புரிமை எச்சரிக்கை வந்த காணொளியை நீக்கினால் எச்சரிக்கை போய்விடும் என்று எண்ணி நீக்குபவர்களும் உண்டு. காணொளி போகும், எச்சரிக்கை நிற்கும்.

நீக்குவது உறுதியென்றால் முதலில் டேக்அவுட்டில் காணொளிகளை இறக்கி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரே கூகுள் கணக்கில் இரண்டு மூன்று சேனல்கள் வைத்திருப்பவர்கள், வலது மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டு, தாம் இப்போது எந்தச் சேனலில் இருக்கிறோம் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். தவறான சேனலை நீக்கியவருக்கும் மீட்க வழி இல்லை. அதன் பின் `youtube.com/account_advanced` பக்கத்தில் “Delete channel” என்பதைத் தேர்ந்து, கடவுச்சொல்லை மீண்டும் தந்து, “I want to permanently delete my content” என்பதன் கீழுள்ள பெட்டிகளில் குறியிட்டு முடிக்கலாம். நீக்கம் முழுமையாவதற்குச் சிறிது காலம் பிடிக்கும். அதுவரை சில தம்ப்நெயில்கள் தளத்தில் தென்படுவது இயல்பே. அவற்றைக் கண்டு மறுபடி நீக்க முயல வேண்டியதில்லை.